பையில் இருந்த இரண்டு மருந்தும் ஒரே மருந்துதான்

(தோட்டக் கமிட்டியும் மாதர் பிரிவும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சம்பள நிலுவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழும்பி ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், கிளினிக்கில் சும்மா குடுக்கிற பிரசர் குளிசை நல்லதா, டவுன் பார்மசியில் வாங்குற கம்பெனிக் குளிசை நல்லதா?" அன்று நேரம் இல்லாததால் பதில் சொல்லாமல் விட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அது மனதை உறுத்தியது. ஏனென்றால் அதே கேள்வியால் எங்கள் அத்தை சாகப் பார்த்தவர். இன்றைக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் பதில் சொல்லப் போகிறேன்.

அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. பென்சன் எடுத்தும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர். எட்டு வருடமாகப் பிரசர். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் லொசார்ட்டன் என்ற குளிசை கொடுத்துவந்தார்கள். 50 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாதத்துக்கு 60 குளிசை, காகித உறையில் போட்டுத் தருவார்கள்.

கிளினிக் நாள் வேலை நாளில்தான் வரும். போனால் ஒரு பேர் போய்விடும், பஸ் காசும் போகும். அதனால் அத்தை ஒரு தந்திரம் வைத்திருந்தார். இரவுக் குளிசையை மட்டும் குடிப்பார், காலைக் குளிசையை விட்டுவிடுவார். ஒரு மாத மருந்து இரண்டு மாதத்துக்கு வரும். இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அதே தந்திரத்தைச் செய்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். சிரிப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு நாள் தலையிடி தாங்காமல் டவுனில் ஒரு தனியார் வைத்தியரிடம் போனார். பிரசர் 168க்கு 100. "என்ன மருந்து குடிக்கிறீங்க?" என்று வைத்தியர் கேட்டிருக்கிறார். கிளினிக் கொப்பி வீட்டில் கிடந்தது. "கிளினிக் குளிசை, வெள்ளைக் குளிசை" என்றாராம் அத்தை. பிரசர் குளிசையில் பாதி வெள்ளைதான், வைத்தியருக்கு அதிலிருந்து என்ன விளங்கும்? அவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். பார்மசியில் அழகான அட்டையில், பெரிய எழுத்தில் பெயர் போட்ட குளிசை கிடைத்தது. காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு குளிசை 22 ரூபா. கையிலிருந்த காசுக்கு 20 குளிசை, 440 ரூபா கொடுத்து வாங்கினார்.

அடுத்த நாளே கிளினிக் நாள் வந்தது. அங்கேயும் பிரசர் கூடத்தான் இருந்தது. "மருந்தை ஒழுங்காகக் குடிக்க வேண்டும்" என்று சொல்லி 60 குளிசை கொடுத்தார்கள். தனியார் வைத்தியரிடம் போனதை அத்தை அங்கே சொல்லவில்லை, ஏசுவார்கள் என்ற பயம். வீட்டுக்கு வந்து, இனிமேல் எல்லாவற்றையும் ஒழுங்காகக் குடிப்போம் என்று முடிவெடுத்தார். கிளினிக் குளிசை இரண்டு, கம்பெனிக் குளிசை இரண்டு.

ஐந்தாம் நாள் மலையில் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நல்ல காலம், சரிவுப் பக்கம் விழவில்லை. டிஸ்பென்சரியில் படுக்கவைத்துப் பார்த்தபோது 98க்கு 60. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மருந்துப் பையைக் கொண்டுவரச் சொன்னதும் நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் ஆட்டோவில் வைத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருந்தது: லொசார்ட்டன் 50 மில்லிகிராம். காகித உறையில் கிளினிக்கில் எழுதியிருந்ததும் அதே பெயர், அதே அளவு.

லொசார்ட்டன் பிரசருக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. அத்தை குடித்தது 200. இந்த மருந்து கூடினால் பிரசர் இறங்கி, எழும்பும்போது தலை சுற்றும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அதனால் இரத்தம் எடுத்துப் பார்த்து, ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். "ஏன் அத்தை ரெண்டையும் குடிச்சீங்க?" என்று கேட்டேன். "அது சும்மா குடுக்கிற மருந்து புள்ள, இது காசு குடுத்து வாங்கின மருந்து. ரெண்டும் எப்பிடி ஒண்ணாகும்?" என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அது பெரும்பாலும் உலகம் முழுவதும் ஒன்றுதான். அதைப் பொதுப்பெயர் என்கிறார்கள். மற்றது கம்பெனி தன் பெட்டிக்கு வைக்கும் வணிகப் பெயர். லொசார்ட்டனை முதலில் கண்டுபிடித்த கம்பெனிக்கு அதன்மேல் காப்புரிமை இருந்தது. அமெரிக்காவில் அது 1995இல் விற்பனைக்கு வந்தது, 2010இல் அங்கே காப்புரிமை முடிந்தது. காப்புரிமை முடிந்தால் வேறு கம்பெனிகளும் அதே மருந்தைச் செய்யலாம். ஆராய்ச்சிச் செலவும் விளம்பரச் செலவும் இல்லாததால் விலை குறைகிறது. மருந்து குறைவதால் விலை குறைவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டவுன் பார்மசியில் "கம்பெனி மருந்து" என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை முதல் கம்பெனியின் மருந்து அல்ல. அதே லொசார்ட்டனை இன்னொரு கம்பெனி செய்து, தனக்கென்று ஒரு பெயர் வைத்து விற்பதுதான், அதிகமாக இந்தியாவிலிருந்து வருகிறது. அத்தை வாங்கியதும் அப்படித்தான். நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். நம் பெக்டரியில் அரைத்த தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அங்கே வாங்கியவர்கள் ஆளுக்கொரு பெட்டியில், ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். பெட்டிக்குத்தான் விலை வித்தியாசம் என்று நாம் சொல்வோம். ஆனால் இந்த உதாரணத்தை ரொம்ப தூரம் இழுக்க முடியாது. எல்லாப் பெக்டரித் தேயிலையும் ஒரே தரம் இல்லை என்று நமக்குத்தானே தெரியும். மருந்திலும் யார் செய்தது, எப்படிச் செய்தது, யார் சோதித்தது என்ற கேள்வி இருக்கிறது.

அந்தக் கேள்வியை வைத்தியர்களும் கேட்டிருக்கிறார்கள். இருதய நோய்க்கும் பிரசருக்கும் கொடுக்கும் மருந்துகளில் பொதுப்பெயர் மருந்தையும் வணிகப் பெயர் மருந்தையும் ஒப்பிட்ட 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. வணிகப் பெயர் மருந்து மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்த 43 ஆசிரியர் தலையங்கங்களையும் பார்த்தார்கள். பாதிக்கு மேல், 23 தலையங்கங்கள், பொதுப்பெயர் மருந்துக்கு மாற்றுவதை ஆதரிக்கவில்லை. ஆய்வு ஒன்றைச் சொல்ல, படித்தவர்களே வேறொன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

நம் நாட்டுக்கு இது புதிய வழக்கு இல்லை. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கினால் ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்று நின்றவர். நாம் போகிற ஒசுசல அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருந்துத் துண்டில் பொதுப்பெயரை எழுத வேண்டும். வைத்தியர் விரும்பினால் வணிகப் பெயரையும் சேர்த்து எழுதலாம். ஆகவே துண்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால், "ஐயா, மருந்தின் பேரையும் எழுதித் தாங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது உங்கள் உரிமை.

சரி, அரசாங்க மருந்தை அப்படியே நம்பலாமா என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டதும், 2023இல் இம்யூனோகுளோபுலின் என்ற ஊசி மருந்து விவகாரம் நாடு முழுவதும் பேசப்பட்டதும் நம் நினைவில் இருக்கிறது. தரக்குறைவான மருந்து இந்த நாட்டுக்குள் வரவே வராது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஊசி கெட்ட பெயர் வாங்கியது பொதுப்பெயரில் இருந்ததால் அல்ல. பதிவும் சோதனையும் ஒழுங்காக நடக்காவிட்டால் அழகான பெயர் போட்ட பெட்டிக்குள்ளும் அதே பிழை நடக்கும். பெயர் பெரிதாக இருப்பது தரத்துக்குச் சாட்சி இல்லை.

அப்படியானால் நமக்குத் தெரிந்து நாம் செய்யக்கூடியது என்ன? பிரசர் மருந்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கலாம். ஆனால் அளப்பதற்கு முன்னால் எண்ண வேண்டும். 30 நாளுக்கு 60 குளிசை. இருபதாம் நாள் உறையில் 20 இருக்க வேண்டும். 40 இருந்தால், வேலை செய்யாதது மருந்து அல்ல. அத்தைக்கு 168 ஏறியது சும்மா கொடுத்த மருந்தின் குற்றமல்ல, குடிக்காமல் விட்ட காலைக் குளிசையின் குற்றம். அந்தக் கணக்கை யாரும் எண்ணிப் பார்க்காததால்தான் கிளினிக் மருந்துமேல் பழி விழுந்தது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பிரசர் இறங்காவிட்டால் அப்போது மருந்தைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் பொறுமை வேண்டும். லொசார்ட்டனின் முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். இரண்டு நாள் குடித்துவிட்டு "இது கேட்கவில்லை" என்று சொல்ல முடியாது. குளிசையின் நிறமோ வடிவமோ மாறினாலும் இதே முறைதான். ஆஸ்பத்திரிக்கு வரும் சரக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே கம்பெனியிலிருந்து வராது. போன மாதம் வட்டம், இந்த மாதம் நீளம் என்று இருக்கும். மாறிவிட்டது என்று பயந்து நிறுத்தாதீர்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே "இது பழைய மருந்துதானா?" என்று கேளுங்கள். பிறகு இரண்டு வாரத்திலும் ஐந்து வாரத்திலும் டிஸ்பென்சரியில் அளந்து, கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் இளைப்பாறிய பிறகு அளக்க வேண்டும். மலையேறி வந்த மூச்சோடு அளந்தால் அந்த இலக்கத்துக்கு அர்த்தமில்லை.

அத்தைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வைத்தியர் கம்பெனி அட்டையை எடுத்து வைத்துவிட்டு, கிளினிக் லொசார்ட்டனை மட்டும், காலை ஒன்று இரவு ஒன்று, தவறாமல் குடிக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் 146க்கு 88. ஐந்து வாரத்தில் 132க்கு 80. எட்டு வருடமாகக் கையில் இருந்த அதே குளிசைதான்.

இப்போது காசுக் கணக்கு. கிளினிக்கில் மருந்து இருந்தால் கணக்கே இல்லை. "ஸ்டோரில் இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று துண்டு கொடுக்கும் மாதத்தில்தான் கணக்கு வருகிறது. அத்தை வாங்கிய விலையில் மாதம் 60 குளிசைக்கு 1,320 ரூபா. 2025இல் நமது நாள் சம்பளம் 1,350 ஆக இருந்தது. அதாவது மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு முழுப் பேர் ஒரே ஒரு மருந்துக்குப் போனது. நான் பிறகு வேறு கடையில் கேட்டபோது பெயரில்லாத லொசார்ட்டன் ஒரு குளிசை 7 ரூபா, மாதத்துக்கு 420. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், இந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் வித்தியாசம் 900 ரூபா என்று பாருங்கள். 22 ரூபாக் குளிசையை வாங்கிப் பத்து நாள் குடித்து, காசில்லாமல் இருபது நாள் நிறுத்துகிறவரைவிட, 7 ரூபாக் குளிசையை 30 நாளும் குடிப்பவருக்குத்தான் பக்கவாதத்திலிருந்து பாதுகாப்பு.

கடையில் "மலிவானது எது?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதே மருந்து, இதே அளவு, எத்தனை விலையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். போத்தலிலிருந்து கொட்டி எண்ணித் தருவதைவிட அட்டையோடு வெட்டித் தருவதை வாங்குங்கள், திகதியும் தொகுதி இலக்கமும் இருக்கிற பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள். ஒரு கம்பெனியின் குளிசை ஒத்துக்கொண்டால் முடிந்தவரை அதையே தொடருங்கள். வீட்டில் அடுப்புக்கு மேல் பரணில் வைக்காதீர்கள். நம் லயத்தின் ஈரமும் புகையும் எந்தக் கம்பெனி மருந்தையும் கெடுக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நாளைக்கே எல்லா மருந்தையும் நீங்களாக மாற்றிவிடாதீர்கள். வைத்தியர் ஒரு குறிப்பிட்ட பெயரைத்தான் வாங்கச் சொன்னால் சில வேளை அதற்குக் காரணம் இருக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன். நிபெடிபின் என்று ஒரு பிரசர் குளிசை கிளினிக்கில் பலருக்குக் கொடுக்கிறார்கள். அது மெதுவாகக் கரையும்படி செய்த குளிசை. உடைத்தோ மென்றோ குடித்தால் பல மணி நேரத்துக்குப் போக வேண்டிய மருந்து ஒரேயடியாக இரத்தத்துக்குள் போய், பிரசர் சட்டென்று விழும். மெதுவாகக் கரைய வைக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால், அந்த வகைக் குளிசையில் கம்பெனி மாற்றுவதை வைத்தியரைக் கேட்காமல் செய்யக் கூடாது. ஒரே குளிசைக்குள் இரண்டு மருந்து கலந்து வருவதும் உண்டு, அதையும் நாமாக மாற்ற முடியாது. லொசார்ட்டன், அம்லோடிபின் போன்ற சாதாரணக் குளிசைகளில் அந்தச் சிக்கல் குறைவு.

ஆகவே வைத்தியரிடம் பயப்படாமல் கேளுங்கள்: "ஐயா, இந்தப் பேர்தான் வேணுமா, இதே மருந்து வேற கம்பெனியில இருந்தா வாங்கலாமா? மாசம் இவ்வளவுதான் என்னால முடியும்." வாங்க முடியாது என்று தெரிந்தால் பெரும்பாலான வைத்தியர்கள் மாற்றி எழுதுவார்கள். தெரியாவிட்டால், நாம் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தடவை அளவைக் கூட்டுவார்கள். காரணம் கேட்டும் ஒன்றும் சொல்லாமல் "இதுதான் நல்லது" என்று மட்டும் சொன்னால், அந்தத் துண்டைக் கிளினிக்கில் காட்டி இன்னொரு முறை கேட்பதில் தவறில்லை. அது என் அபிப்பிராயம்.

இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. லொசார்ட்டன், எந்தப் பெயரில் இருந்தாலும், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும். பிள்ளை உண்டாகியிருந்தாலோ, உண்டாகும் எண்ணம் இருந்தாலோ உடனே கிளினிக்கில் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மாமியாரின் குளிசையைத் தலையிடிக்கு எடுத்துக் குடிக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, உறையில் எழுதியிருப்பதை வாசிக்க முடியவில்லை என்று பலர் சொல்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், அதையும் கிறுக்கி எழுதுகிறார்கள். தமிழில் எழுதித் தர வேண்டும் என்று சங்கத்தின் மூலம் கடிதம் கொடுக்கத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை லொசார்ட்டன் என்ற பெயரை ஆங்கில எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பாடசாலையில் இருப்பேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள். வீட்டிலிருக்கும் மருந்துப் பையை அப்படியே கொண்டுவாருங்கள், காலி அட்டை, பழைய உறை, கிளினிக் கொப்பி எல்லாவற்றோடும். பெயரையும் அளவையும் தமிழில் எழுதி ஒட்டித் தருவோம். ஒரே பெயர் இரண்டு தடவை இருந்தால், அதை நாங்கள் நிறுத்தச் சொல்ல மாட்டோம். அந்தப் பையோடு அன்றைக்கே டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போவோம். அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.